ஒரே கண்ணுக்கு இரண்டு சீட்டு: பிளஸ் சிலிண்டரா, மைனஸ் சிலிண்டரா?

சுங்கை சிப்புட்டில் எங்கள் கண்ணாடிக் கடைக்குச் சனிக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள்தான் அதிகம் வருவார்கள். போன வாரம் ஓர் அக்கா, நான்காம் படிவம் படிக்கும் மகனோடு வந்து கைப்பேசியை நீட்டினார். அதில் இரண்டு சீட்டுகளின் படம். "தம்பி, போன மாசம் ஒரு கடையில மைனஸ் ரெண்டுன்னாங்க. இப்ப ஆஸ்பத்திரியில மைனஸ் மூணு. ஒரு மாசத்துல இப்படி ஏறுமா? இல்ல யாராச்சும் ஏமாத்துறாங்களா?"

இடது கண்ணுக்கான வரியை மட்டும் பார்ப்போம்.

```
             SPH     CYL    AXIS
ஆஸ்பத்திரி   -3.00   +1.00    80
கடை          -2.00   -1.00   170
```

மூன்று எண்ணும் வேறு. ஆனால் இரண்டும் ஒரே கண்ணாடிதான்.

SPH, அதாவது ஸ்பியர், லென்ஸ் முழுவதும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பவர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை. தூரத்தில் இருப்பது மங்கும். மைனஸ் 2.00 என்றால் கண்ணாடி போடாத கண்ணுக்கு அரை மீட்டர் வரைதான் தெளிவு. மைனஸ் 3.00 என்றால் 33 சென்டிமீட்டர்.

இந்தப் பையனின் கண்ணுக்கு இரண்டுமே உண்மை, அதுதான் விஷயம். கருவிழி பந்து போல உருண்டையாக இல்லாமல், முட்டையின் பக்கவாட்டைப் போல ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருக்கிறது. ஒரு திசைக்கு மைனஸ் 3.00 வேண்டும், அதற்குக் குறுக்கே உள்ள திசைக்கு மைனஸ் 2.00 போதும். நடுவில் இருக்கும் அந்த 1.00 வித்தியாசம்தான் சிலிண்டர். எந்தத் திசை என்று சொல்வது ஆக்சிஸ்: 180 படுக்கைக் கோடு, 90 செங்குத்து. ஆக்சிஸ் வெறும் சாய்வுதான். 170 என்பதைப் பார்த்து பவர் 170 என்று பயப்படுபவர்கள் இன்னும் வருகிறார்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு மைனஸ் 3.00-இல் தொடங்கி, "குறுக்குத் திசையில் ஒன்றைக் கூட்டு" என்கிறது. கடைச் சீட்டு மைனஸ் 2.00-இல் தொடங்கி, "குறுக்குத் திசையில் ஒன்றைக் குறை" என்கிறது. மாற்றிப் பார்ப்பதும் எளிது. ஸ்பியரோடு சிலிண்டரைக் கூட்டுங்கள்: மைனஸ் 3.00, பிளஸ் 1.00, ஆக மைனஸ் 2.00. சிலிண்டரின் குறியைத் திருப்புங்கள். ஆக்சிஸோடு 90-ஐச் சேருங்கள்; 180-ஐத் தாண்டினால் சேர்க்காமல் 90-ஐக் கழியுங்கள். 80 இப்போது 170. கடைச் சீட்டு அப்படியே வந்துவிட்டது.

இரண்டில் எது மேல் என்றால், லென்ஸ் வெட்ட எதுவானாலும் சரி. ஆனால் வீட்டில் வைத்து வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடுகிறவர்களுக்கு நான் மைனஸ் சிலிண்டரைத்தான் சொல்வேன். கடைகளில் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறோம், பழைய சீட்டுகளும் அப்படியே இருக்கும். ஒன்று பிளஸிலும் இன்னொன்று மைனஸிலும் இருக்கும்போது ஸ்பியரை மட்டும் ஒப்பிட்டால், இந்த அக்காவைப் போல வீணாகப் பதற வேண்டியதுதான்.

பிளஸ் சிலிண்டருக்கு இன்னொரு தொல்லை உண்டு, அது படத்தில்தான் வரும். அக்கா காட்டிய படத்தில் சீட்டின் மடிப்பு சரியாக இடது கண் சிலிண்டர் மேல் விழுந்திருந்தது. பிளஸின் நெட்டுக்கோடு மறைந்து, +1.00 எனக்கு முதலில் -1.00 என்றே தெரிந்தது. அப்படியே லென்ஸ் போட்டிருந்தால், மைனஸ் 2.00 வேண்டிய திசைக்கு மைனஸ் 4.00 போயிருக்கும். பையன் தலைவலியோடு திரும்பி வந்திருப்பான்.

வலது கண்ணைப் பார்த்ததால்தான் சந்தேகம் வந்தது. அங்கே சிலிண்டர் +0.50. ஒரே சீட்டில் ஒரு கண்ணுக்குப் பிளஸ் சிலிண்டர், மறு கண்ணுக்கு மைனஸ் என்று வழக்கமாக யாரும் எழுத மாட்டார்கள். ஸ்பியரில் அப்படி வரலாம், அது கண்ணைப் பொறுத்தது. சிலிண்டரின் குறி எழுதுகிறவரின் பழக்கம். "அக்கா, மூலச் சீட்டு இருக்கா?" என்றேன். கைப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்தார். பிளஸ்தான்.

ஆக்சிஸிலும் இப்படி ஒரு வழுக்கல் இருக்கிறது. 18 என்று எழுதி மேலே பாகைக்குச் சிறு வட்டம் போட்டால், மங்கலான படத்தில் அது 180 ஆகிவிடும். அதனால் பலர் வட்டமே போடுவதில்லை, 5 என்றாலும் 005 என்று மூன்று இலக்கமாக எழுதுவார்கள். அப்புறம், ஸ்பியர் அல்லது சிலிண்டர் இடத்தில் புள்ளி இல்லாமல் 125 என்று இருந்தால் அது 1.25 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வாயிலும் "பவர் நூத்து இருபத்தஞ்சு" என்றுதான் சொல்வோம்.

கடைசியாக, பையன் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றி பவர் பார்க்கும் கருவியில் வைத்தேன். இடது: மைனஸ் 2.00, மைனஸ் 1.00, 170. ஆஸ்பத்திரி கேட்டதும் அதுதான்.

"அப்ப புதுசு வாங்க வேணாமா?" என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். காதுப்பக்கத் திருகு தளர்ந்திருந்தது, அதை மட்டும் முறுக்கிக் கொடுத்தேன்.