குழுச் செயற்பாடு: நான்காவது நிரலா, பெருக்கும் எண்ணா?

ஐந்து மாணவர்கள் சேர்ந்து ஐந்து நிமிடக் காணொளி தயாரிக்கும் ஒப்படைக்குப் புள்ளித்திட்டம் எழுதும்போது கதை, ஒலி, படம், குழுச் செயற்பாடு ஆகிய நான்கும் வழக்கமாக இடம்பெறுகின்றன. முதல் மூன்றையும் ஆசிரியர் திரையில் கண்டும் கேட்டும் அளக்கலாம். நான்காவது திரைக்கு வெளியே நடந்து முடிந்த ஒன்று. அதை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு முறைகள் பிரிகின்றன.

முதல் முறையில் நான்குக்கும் தலா 25 புள்ளி வழங்கப்படும், கூட்டுத்தொகையே ஐவருக்கும் பொதுவான புள்ளியாகும். இரண்டாம் முறையில் கதைக்கு 40, ஒலிக்கு 30, படத்துக்கு 30 என 100 புள்ளியும் காணொளிக்கே போகும். குழுச் செயற்பாடு அதைப் பெருக்கும் எண்ணாக மாறி, ஒவ்வொருவருடைய புள்ளியையும் தனித்தனியே கூட்டியோ குறைத்தோ விடும்.

திருகோணமலையின் உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்களைப் பற்றி ஒரு குழு படமெடுத்ததாக வைத்துக்கொள்வோம். வலை கரைக்கு வரும் காட்சி அருமையாக அமைந்திருக்கிறது, ஆனால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பேட்டி கச்சான் காற்றில் அடிபட்டுப் போய்விட்டது. பேசுபவர் தொலைவில் நின்றால் கைப்பேசியின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு அவருடைய குரலோடு காற்றின் இரைச்சலையும் சேர்த்தே உயர்த்திவிடும் என்பதே இதற்குக் காரணம். இன்னொரு கைப்பேசியை அவருடைய சட்டைப் பையில் வைத்துப் பதிந்து, தொடக்கத்தில் ஒரு கைதட்டலால் இரண்டையும் பொருத்தியிருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

இங்கே இரு முறைக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. பேச்சுப் புரியாததற்கு ஒலியில் குறைக்கும் ஆசிரியர், ‘கதை விளங்கவில்லை’ என்று கதையிலும் குறைத்தால் ஒரே தவறுக்கு இரண்டு தண்டனை ஆகிறது. எனவே காணொளியை ஒருமுறை ஒலியை நிறுத்திப் பார்த்துப் படத்துக்கும், ஒருமுறை கண்ணை மூடிக் கேட்டு ஒலிக்கும், பிறகு முழுமையாகப் பார்த்துக் கதைக்கும் புள்ளியிடுவது நல்லது. கதைக்குப் புள்ளியிடும்போது பேட்டியின் எழுத்துப் பிரதி கையில் இருக்க வேண்டும். ‘ஒலி நன்று’ என்று திட்டத்தில் எழுதுவதும் போதாது. ‘முதல் தடவை கேட்கும்போதே எல்லா வாக்கியமும் புரிகிறது, காட்சி மாறும்போது சத்தம் திடீரென ஏறி இறங்கவில்லை’ என்று எழுதினால்தான் இரண்டு ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரே புள்ளிக்கு வருவார்கள்.

அக்குழு கதையில் 29, ஒலியில் 13, படத்தில் 24 பெற்று மொத்தம் 66 எடுத்ததென்று கொள்வோம். இரண்டாம் முறையில் ஒவ்வொரு மாணவரும் 100 புள்ளியைத் தம்மையும் சேர்த்து ஐவருக்கும் பங்கிடுகிறார். ஒருவருக்கு ஐந்து பேரிடமிருந்தும் கிடைத்ததைக் கூட்டி 100ஆல் வகுத்தால் அவருடைய பெருக்கும் எண் வரும். படத்தொகுப்பு முழுவதையும் செய்தவருக்கு 1.3, படப்பிடிப்புக்கே வராதவருக்கு 0.6, மற்ற மூவருக்கு 1.1, 1.0, 1.0 என்று அமைந்தால் தொகுத்தவர் 85.8 பெறுவார், வராதவர் 39.6 பெறுவார். முதல் முறையிலோ இந்த இருவரும் ஒரே புள்ளியோடு போயிருப்பார்கள். குழுச் செயற்பாட்டு நிரலில் ஆசிரியர் இட்டது பெரும்பாலும் ஊகமாகவே இருந்திருக்கும்.

ஆனால் முழுப் புள்ளியையும் பெருக்குவது கடுமையானது. 80 எடுத்த குழுவில் 1.3 பெற்றவருக்கு 104 வந்துவிடுகிறது, கூட்டாளிகளுக்கிடையிலான பகையும் நேரடியாகப் புள்ளியாகிவிடுகிறது. குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடுவதற்காக லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான WebPA போன்ற முறைகளில் குழுப் புள்ளியின் ஒரு பகுதியை மட்டும் பெருக்கவும் வழி இருக்கிறது. பாதியை மட்டும் பெருக்கினால் மேற்சொன்ன தொகுப்பாளருக்கு 33உம் 42.9உம் சேர்ந்து 75.9, வராதவருக்கு 33உம் 19.8உம் சேர்ந்து 52.8. வேறுபாடு தெரிகிறது, ஆனால் கூட்டாளிகளின் கோபம் மட்டும் ஒருவரை வீழ்த்திவிடாது. என் தெரிவு இதுவே.

பங்கீட்டுத் தாளைக் காணொளியின் புள்ளி வெளிவருமுன், ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரிக் காரணத்தோடு நிரப்பச் சொல்ல வேண்டும். ஐவரும் எல்லோருக்கும் 20 என்று எழுதிக்கொடுத்தால் அது உண்மையான சமத்துவமாகவும் இருக்கலாம், முன்கூட்டிய உடன்பாடாகவும் இருக்கலாம். யார் எந்த நாளில் எதைப் படமெடுத்தார், எந்தக் கோப்பைத் தொகுத்தார் என்ற பணிப்பதிவோடு ஒப்பிட்டால் இரண்டில் எது என்று ஓரளவு தெரியும்.

இருவர் மட்டுமே உள்ள குழுவுக்கு இம்முறை ஒத்துவராது, ஏனெனில் தமக்குக் குறைத்தவர் யாரென்று உடனே தெரிந்துவிடும். அங்கே பழைய நான்காவது நிரலை வைத்துக்கொண்டு, பணிப்பதிவைப் பார்த்து ஆசிரியரே புள்ளியிடுவது மேல்.