‘7/8 - 9/8’ஆ, ‘ஆகஸ்ட் 7 வெள்ளி’யா?

என் சின்ன நாத்தனார் வீட்டிலிருந்தே சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகள் விற்கிறாள். 2026 ஆடித் தள்ளுபடிக்கு அவள் எழுதி அனுப்பிய கேப்ஷன் இது:

“ஆடி ஆஃபர்! 7/8 - 9/8 இரவு 12 வரை. 2 சேலை 1499/- மட்டுமே!”

மூன்று தகவல் இருக்கிறது. மூன்றையும் இரண்டு விதமாகப் படிக்கலாம்.

முதலில் தேதி. நம் ஊரில் 7/8 என்றால் ஆகஸ்ட் 7. அமெரிக்காவில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், அங்கே அது ஜூலை 8. நியூஜெர்சியில் இருந்துகொண்டு மதுரையில் உள்ள அம்மாவுக்குச் சேலை அனுப்பும் மகள் இதைப் பார்த்தால், மூன்று நாள் ஆஃபர் ஜூலை 8 முதல் செப்டம்பர் 8 வரை நீண்டுவிடும். ‘07.08.2026’ என்று பூஜ்யமும் ஆண்டும் சேர்த்தாலும் இந்தக் குழப்பம் தீராது. மாதத்தின் பெயரை எழுதினால்தான் தீரும்.

அதோடு கிழமையும் வேண்டும் என்பேன். கிழமை ஒரு காவல்காரன் மாதிரி. போன வருடக் கேப்ஷனைக் காப்பி பண்ணி ‘ஆகஸ்ட் 8 வெள்ளி’ என்று போட்டுவிட்டால், இந்த வருடம் 8ஆம் தேதி சனிக்கிழமை ஆயிற்றே என்று யாராவது கேட்டுவிடுவார்கள். வெறும் எண்ணில் அந்தத் தவறு தெரியவே தெரியாது.

‘இன்று மட்டும்’, ‘நாளை கடைசி’ எல்லாம் கடை வாசல் போர்டுக்குச் சரி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். சனி இரவு 8 மணிக்குப் போட்ட ‘இன்று’ ஞாயிறு மாலை பார்ப்பவருக்கு ஞாயிறுதான். ஃபார்வர்டு ஆகிப் போனால் கேட்கவே வேண்டாம்.

நேரத்தில் ‘இரவு 12’தான் வில்லன். ‘ஞாயிறு இரவு 12’ என்றால் சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் நேரமா, ஞாயிறு முடியும் நேரமா? ஒரு முழு நாள் வித்தியாசம். பலர் 11:59 என்று எழுதித் தப்பிக்கிறார்கள். படிப்பவருக்கு அது தெளிவுதான், ஆனால் அந்த நேரத்தில் விழித்திருந்து பதில் சொல்வது யார்? என் ஓட்டு ‘ஞாயிறு இரவு 9 மணி’க்கு. ‘இந்திய நேரம்’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்தால், அப்போது சிங்கப்பூரில் இரவு 11:30, நியூஜெர்சியில் ஞாயிறு காலை 11:30 என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். 9 மணிக்குள் வர வேண்டியது மெசேஜா, பணமா என்பதையும் சொல்லிவிட வேண்டும். 8:55க்கு “எனக்கு ரெண்டு எடுத்து வைங்க” என்று வரும் மெசேஜில்தான் சண்டையே தொடங்கும்.

விலைக்கு வருவோம். ‘2 சேலை 1499/-’ என்பதை இரண்டும் சேர்த்து 1,499 என்று ஒருவர் படிப்பார். குறைந்தது இரண்டு வாங்க வேண்டும், ஒன்று 1,499 என்று இன்னொருவர் படிப்பார். ஒற்றைச் சேலை விலையைப் பக்கத்திலேயே போட்டால் பிரச்சினை போயிற்று: ஒன்று ₹850, இரண்டும் சேர்த்து ₹1,499. ‘ரூ.’ போடலாமா என்று கேட்டாள். இலங்கை வாடிக்கையாளர் இருந்தால் வேண்டாம், அவர்கள் பணமும் ரூபாய்தான். ₹ என்றால் இந்திய ரூபாய் என்று புரியும்.

சதவீதம் போடுவதும் ஒரு வழிதான், எனக்குப் பிடிக்காது. ‘50%+20%’ என்றதும் 70 என்றே மனம் கூட்டும். ஆனால் பில்லில் 1,000 ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகும், அதில் 20 சதவீதம் போய் 400 ஆகும். மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம்தான். ‘50% வரை’ என்பதில் அந்த ‘வரை’ யார் கண்ணிலும் படாது. கடைசியில் கொடுக்க வேண்டிய தொகையை நேராகச் சொல்வதே மேல்.

திருத்திய கேப்ஷன்:

“2 சுங்குடிச் சேலை சேர்த்து ₹1,499 (ஒன்று மட்டும் ₹850).
ஆகஸ்ட் 7 வெள்ளி காலை 10 மணி முதல் ஆகஸ்ட் 9 ஞாயிறு இரவு 9 மணி வரை, இந்திய நேரம்.
அதற்குள் பணம் வந்த ஆர்டருக்கு மட்டும் இந்த விலை.
தமிழ்நாட்டுக்குள் கூரியர் ₹80 தனி. இரண்டு சேலைக்கு மொத்தம் ₹1,579.”

“இவ்வளவு நீளமா அண்ணி?” என்றாள். நீளம்தான். அதனால்தான் விலையையும் தேதியையும் முதல் இரண்டு வரியில் வைத்தேன்; இன்ஸ்டாகிராமில் மீதி மடங்கிவிடும். ‘ஆடி ஆஃபர்’ என்பதைப் படத்தில் பெரிதாகப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். தேதியைப் படத்தில் போட வேண்டாம் என்றேன். கேப்ஷனில் பிழை வந்தால் திருத்தலாம், படத்தில் வந்தால் பதிவையே அழித்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.