கிழமை கண்டுபிடிக்க: மாத எண்களா, ஆண்டின் கிழமையா?

செவ்வாய்ப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கியத் தொழில். பத்திரிகையில் பெயர் பிழையானால் வீட்டார் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தேதியும் கிழமையும் பொருந்தாமல் போனால் ப்ரூஃபில் யார் கண்ணிலும் படாது. அதனால் ப்ரூஃப் படிக்கும்போதே கிழமையை மனக்கணக்காகச் சரிபார்ப்பது பழக்கமாகிவிட்டது. அதற்கு இரண்டு வழிகளையும் சில வருடங்கள் வைத்துப் பார்த்தேன்.

முதல் வழி, மாத எண்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை 033, 614, 625, 035 என்று மனப்பாடம் செய்ய வேண்டும். தேதி, மாத எண், ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அந்த இரண்டு இலக்கத்தில் கால் பங்கு (மீதியை விட்டுவிடலாம்) எல்லாவற்றையும் கூட்டி 7-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கிழமை. 0 ஞாயிறு, 1 திங்கள், இப்படியே 6 சனி. 1900-களுக்கு இது போதும். 2000-களுக்கு இன்னொரு 6 கூட்ட வேண்டும். 1947 ஆகஸ்ட் 15: 15+2+47+11 = 75, மீதி 5, வெள்ளி. கூட்டல் நேராகப் போகும், வேகமும் உண்டு.

இரண்டாவது, கணித அறிஞர் ஜான் கான்வே வகுத்த டூம்ஸ்டே முறை. ஒவ்வொரு ஆண்டிலும் சில தேதிகள் ஒரே கிழமையில் வரும்: 4/4, 6/6, 8/8, 10/10, 12/12. ஒற்றைப்படை மாதங்களுக்கு 5/9, 9/5, 7/11, 11/7. மார்ச்சுக்கு 7-ஆம் தேதி, பிப்ரவரிக்குக் கடைசி நாள், ஜனவரிக்கு 3-ஆம் தேதி, லீப் ஆண்டானால் 4. அந்தக் கிழமையை ஆண்டின் கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2026-க்கு அது சனி. ஜூன் 14 எந்தக் கிழமை? ஜூன் 6 சனி, 13 சனி, 14 ஞாயிறு. என் வேலையில் பாதிக்குமேல் இந்த ஆண்டு, அடுத்த ஆண்டுத் தேதிகள்தான். 2027-க்கு ஞாயிறு என்று தெரிந்திருந்தால் பெருக்கல் வகுத்தலே வேண்டாம்.

நான் இரண்டாவதன் பக்கம் சாய்ந்ததற்கு வேகம் காரணமில்லை, மறதிதான். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வேலை நின்றுவிடும். தை பிறந்து உட்கார்ந்தால் 625-ஆ 652-ஆ என்று சந்தேகம் வரும். அந்த எண்கள் தவறினால் தவறு என்று காட்டிக்கொடுக்க எதுவுமில்லை. ஏதோ ஒரு கிழமை விடையாக வந்துவிடும். 4/4, 6/6 மறந்தாலோ, சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பார்த்தால் போதும், எல்லாம் ஒரே கிழமையில் நிற்கும்.

லீப் ஆண்டிலும் இதே கதை. இரண்டு வருடம் முன்பு ஒரு மணிவிழாப் பத்திரிகை வந்தது. பிறந்த நாள் 1964 பிப்ரவரி 20. கிழமையும் போட வேண்டும் என்றார்கள். மாத எண் முறையில் 20+3+64+16 = 103, மீதி 5, வெள்ளி என்று போட்டேன். லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரிக்கு ஒன்று கழிக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். அச்சானபின் வீட்டார் ஜாதகத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள், வியாழன். அத்தனையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன்.

அதையே டூம்ஸ்டே முறையில் பாருங்கள். 1900-களின் தொடக்கக் கிழமை, அதாவது 1900-ஆம் ஆண்டின் கிழமை, புதன். 64-இல் 12 ஐந்து முறை போகிறது, மீதி 4, அந்த நாலில் ஒரு நாலு. 5+4+1 = 10, ஏழைக் கழித்தால் 3. புதனிலிருந்து மூன்று தள்ளினால் சனி, அதுதான் 1964-இன் கிழமை. பிப்ரவரி 29 சனி, 22 சனி, 20 வியாழன். பிப்ரவரியின் கடைசி நாள் எது என்று கேட்கும்போதே லீப் ஆண்டு நினைவுக்கு வந்தாக வேண்டும்.

2000-களின் தொடக்கக் கிழமை செவ்வாய். செவ்வாய்ச் சந்தையால் பெயர்பெற்ற ஊரில் கடை வைத்திருப்பவனுக்கு அது மறக்காது. 1800-களுக்கு வெள்ளி, ஆனால் அந்தக் காலத் தேதிகள் என் கைக்கு மூன்று நான்குதான் வந்திருக்கின்றன, அதில் பழக்கம் போதாது. முன்பின் தெரியாத பழைய தேதிகளையே அடுக்கடுக்காகப் பார்ப்பவருக்கு மாத எண் முறை வேகமாக இருக்கலாம், அதை மறுக்கமாட்டேன்.

ஜாதகத்தோடு ஒப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு முறையும் நள்ளிரவில் நாளை மாற்றுபவை. பஞ்சாங்கத்தில் கிழமை சூரிய உதயத்தில்தான் மாறும். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்தவருக்கு ஜாதகம் முந்தின நாளின் கிழமையைச் சொல்லும். கணக்கு ஒரு நாள் முன்னே நின்றால், திருத்துவதற்கு முன் பிறந்த நேரத்தைக் கேட்டுவிடுகிறேன்.