கான்கிரீட் வீட்டுக்குள் சிக்னல் இல்லை: சிம் மாற்றுவதா, பூஸ்டரா, வைஃபை காலிங்கா?

டர்பனில் பழைய கான்கிரீட் பிளாட்டில், அதிலும் கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பால்கனியில் நின்றால் போன் நன்றாகப் பேசும், படுக்கையறைக்குள் வந்தால் பாதி வார்த்தை விழுங்கப்படும், டேட்டா சுத்தமாக நின்றுவிடும். இதற்கு வழி மூன்று: சிம்மை மாற்றலாம், பூஸ்டர் வைக்கலாம், இல்லையென்றால் டவருக்குப் பதிலாக வீட்டு இணையம் வழியாகவே கால் பேசும் வைஃபை காலிங்குக்குப் போகலாம். எங்கள் வீட்டில் நான் வைஃபை காலிங்கைத்தான் தேர்ந்தெடுத்தேன், அதனால் அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

முதலில் அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் டவர் சிக்னலின் பலத்தைச் சொல்லும் RSRP என்ற எண் கிடைக்கும். ஆண்ட்ராய்டில் About phone பகுதிக்குள் SIM status-இல் சிக்னல் அளவு dBm கணக்கில் இருக்கும். 4ஜி-க்கு -90 என்றால் நல்லது, -110-ஐத் தாண்டினால் தள்ளாட ஆரம்பிக்கும், -120-க்கு அருகில் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டில் பால்கனியில் -92, படுக்கையறையில் -118. இடைப்பட்ட 26 டெசிபல் சின்ன எண் போலத் தெரியும், ஆனால் அந்த இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் சிக்னலின் சக்தி ஏறக்குறைய 400-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

சிம் மாற்றுவது பலன் தருமா என்பது அலைவரிசையைப் பொறுத்தது. 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸ் அலைகள் கம்பி போட்ட கான்கிரீட்டில் சீக்கிரம் அடங்கிவிடும். 700, 800, 900 அலைகள் அதைவிட நன்றாக உள்ளே வரும். போன் எதில் நிற்கிறது என்பதை நெட்மான்ஸ்டர் மாதிரி ஒரு ஆப் காட்டும்: B3 என்றால் 1800, B8 என்றால் 900, B20 என்றால் 800, B28 என்றால் 700. நம் நாட்டில் இவற்றில் 700, 800 அலைவரிசைகளின் ஏலமே 2022 மார்ச்சில்தான் நடந்தது. வோடகாமும் ரெயினும் 700-ஐ எடுத்தன, எம்டிஎன்னும் டெல்காமும் 800-ஐ எடுத்தன. பழைய அனலாக் டிவி அந்த இடத்தைக் காலி செய்யவும் அப்போது இழுபறியாக இருந்தது.

இன்னொரு நிறுவனத்தின் சிம்மைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். பால்கனியில் அது -98, அதாவது என் சிம்மைவிட மோசம். படுக்கையறையிலோ -110, என் சிம்மைவிட மேல், காரணம் அது தாழ்ந்த அலைவரிசையில் நின்றது. ஆகவே வெளியில் யாருக்குக் கோடு அதிகம் என்று பார்த்து சிம் வாங்காதீர்கள், தூங்கும் அறையில் அளந்து வாங்குங்கள். இதற்குச் செலவும் கிடையாது. -110 போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்குப் போதவில்லை, அம்மாவின் அறை இன்னும் ஒரு சுவர் உள்ளே இருக்கிறது.

அடுத்தது பூஸ்டர். கூரையில் ஒரு ஆன்டெனா, கேபிள், நடுவில் பெருக்கும் பெட்டி, வீட்டுக்குள் இன்னொரு ஆன்டெனா. வேலை செய்யும் பொருள்தான். ஆனால் விலை மலிவான பெட்டி பெரும்பாலும் ஒரே அலைவரிசைக்கானது. 900-க்கானதை வாங்கினால் பேச்சு வரும், 1800-இல் நிற்கும் 4ஜி டேட்டா அப்படியே கிடக்கும். இரண்டு ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று பக்கமாக இருந்தால் உள்ளே விட்ட சிக்னலை வெளி ஆன்டெனா மறுபடி பிடித்து, பெட்டி ஊளையிட ஆரம்பிக்கும். அந்த இரைச்சல் டவருக்குப் போய் அக்கம்பக்கத்தார் எல்லாருடைய போனையும் கெடுக்கும். அதனால்தான் இங்கே அது இஷ்டத்துக்கு மாட்டக்கூடிய பொருள் இல்லை: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான இக்காசா அங்கீகரித்த கருவியாக இருக்க வேண்டும், அந்த அலைவரிசையின் உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் சம்மதமும் வேண்டும். பிளாட் என்றால் கூரையில் ஆணி அடிக்க பிளாட் உரிமையாளர்களின் அமைப்பான பாடி கார்ப்பரேட்டிடமும் கேட்க வேண்டும். நான் பூஸ்டரைச் சொந்தமாக வைத்துப் பார்த்ததில்லை, தெரிந்தவர் வீட்டில் பார்த்ததோடு சரி, அதனால் இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது மின்சாரம். லோட்ஷெடிங் 2023-இல் இருந்த மாதிரி இப்போது இல்லை, ஆனாலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று கரண்ட் போவது நிற்கவில்லை. கரண்ட் போனால் பூஸ்டர் நின்றுவிடும். பூஸ்டருக்கு பேட்டரி போட்டாலும், தெருமுனை டவரின் பேட்டரி தீர்ந்தால் பெருக்குவதற்கே ஒன்றும் இருக்காது. ஃபைபர் அப்படி இல்லை. பெரும்பாலான வீட்டு ஃபைபரில் நடுவழியில் மின்சாரம் கேட்கும் பெட்டியே கிடையாது, அந்தப் பக்கம் நிறுவனத்தின் நிலையத்தில் பேட்டரியோ ஜெனரேட்டரோ ஓடும். இந்தப் பக்கம் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் நாம் கரண்ட் கொடுத்தால் போதும். இரண்டும் சேர்ந்து 15 வாட் அளவுதான் இழுக்கும். சில நூறு ரேண்டுக்குக் கிடைக்கும் மினி யூபிஎஸ்ஸில் 8,800 மில்லியாம்பியர்-மணி பேட்டரி என்று போட்டிருந்தால், அது சுமார் 32 வாட்-மணி, அதாவது இரண்டு மணி நேரம், ஒரு வழக்கமான லோட்ஷெடிங் முறைக்குச் சரி. வாங்கும்போது ரௌட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். அடிக்கடி தீர்ந்து ஏறும் பேட்டரி நாளாக நாளாகச் சுருங்கும், அதை மாற்றுவது ஒன்றுதான் இதன் பராமரிப்புச் செலவு.

ஒரு விஷயத்தை முன்பே சோதித்துவிடுங்கள்: யூபிஎஸ்ஸை மாட்டி, வீட்டு மெயின் சுவிட்சை மட்டும் இறக்கிப் பார்ப்பதோடு விடாமல், கட்டிடம் முழுக்க கரண்ட் போகும்போது இணையம் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். சில கட்டிடங்களில் கீழே எல்லா வீட்டுக்கும் இணையத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொதுவான நெட்வொர்க் பெட்டி ஒன்று இருக்கும், அதற்கு பேட்டரி இல்லையென்றால் உங்கள் யூபிஎஸ் இருந்தும் பயனில்லை.

போனில் அமைப்பது எளிது. செட்டிங்ஸில் Wi-Fi Calling என்பதை ஆன் செய்யுங்கள். அந்தப் பெயரே தெரியவில்லையென்றால் உங்கள் போன் மாடலையோ பேக்கேஜையோ நிறுவனம் அனுமதிக்கவில்லை என்று பெரும்பாலும் பொருள், கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். அப்புறம் ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து, ஒருவரைக் கூப்பிடுங்கள். மணி அடித்தால் வேலை முடிந்தது.

பலர் கைவிடுவது இதற்குப் பிறகுதான். ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் போன் அதையே பிடித்துத் தொங்கும், வைஃபைக்கு மாறாது, கால் உடைந்துகொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் Calling preference என்று ஒன்று இருக்கும், அதில் வைஃபையை முதலில் வையுங்கள். அந்த வசதி இல்லாத போனில், வீட்டுக்குள் இருக்கும்போது ஏரோபிளேன் மோடும் வைஃபையும் சேர்த்துப் போடுவதுதான் வழி. பேசிக்கொண்டே வாசல் கேட்டுக்குப் போனால், ஏரோபிளேன் மோடு போடாமல் இருந்து, 4ஜி வழியாகப் பேசும் வசதியும் போனில் இருந்தால்தான் கால் தொடரும், இல்லையென்றால் கட்.

வாட்ஸாப் கால் இருக்கிறதே என்பார்கள். கிளினிக்கும் வங்கியும் அம்மாவின் எண்ணுக்குத்தான் கூப்பிடுகின்றன. அம்மாவின் அக்காவும் லேண்ட்லைனிலிருந்துதான் பேசுவார். வைஃபை காலிங்கில் எண் அதே எண், வங்கியின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸும் எங்கள் வீட்டில் வைஃபை வழியாகவே வந்துவிடுகிறது. ஒன்று மட்டும்: அதே கான்கிரீட் வைஃபையையும் அடக்கும். அம்மாவின் அறையில் 5 கிகாஹெர்ட்ஸ் எட்டவில்லை, 2.4-க்கு மாற்றிய பிறகுதான் சரியானது. அதுவும் எட்டாத அறைக்கு ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது வைஃபை பெட்டி வைக்க வேண்டியிருக்கும், அதற்கும் யூபிஎஸ் வேண்டும்.

ஃபைபரே வராத இடத்தில், ஊருக்கு வெளியே தனி வீட்டில், கூரையில் நல்ல சிக்னல் இருந்தால் நான் பூஸ்டர் பக்கம்தான் போவேன், நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்பவரைக் கொண்டு மாட்டுவேன்.