சங்க உறுப்பினர்களுக்கு வாழ்த்து: கேலண்டரா, ஃபார்முலாவா, ஸ்கிரிப்ட்டா?

உறுப்பினர்களின் பிறந்தநாள்களும் சம்மதமும் ஒரு கூகுள் ஷீட்டில் இருந்தால், கேலண்டர், ஃபார்முலா, ஸ்கிரிப்ட் ஆகிய மூன்று வழிகளிலும் வாழ்த்து அனுப்பலாம். "இனி என் பிறந்தநாளைப் போடாதீர்கள்" என்று ஒருவர் சொன்ன மறுநாள் என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

கேலண்டரில் ஆண்டுதோறும் திரும்பும் நிகழ்வாகப் போடுவது எளிது. ஆனால் அது ஷீட்டிலிருந்து எடுத்த நகல். ஷீட்டில் சம்மத டிக்கை எடுத்தாலும் கேலண்டர் நிகழ்வு அப்படியே இருக்கும். யாராவது நினைவாக அழிக்க வேண்டும். சம்மதம் முக்கியம் என்றால் இதை விட்டுவிடலாம்.

ஃபார்முலா ஒவ்வொரு நாளும் ஷீட்டையே பார்க்கிறது. A-யில் பெயர், B-யில் பிறந்தநாள், C-யில் சம்மத செக்பாக்ஸ் என்று வையுங்கள்:

```
=IFERROR(FILTER(A2:A, B2:B=TEXT(TODAY(),"mm-dd"), C2:C=TRUE), "")
```

B பத்தியை முதலில் Plain text ஆக மாற்றிவிட்டு, மார்ச் 5 என்றால் 03-05 என்று எழுதுங்கள். பிறந்த ஆண்டு தேவையே இல்லை, கேட்காதீர்கள். முழுத் தேதியாக வைத்து இரண்டு பக்கமும் TEXT போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும்: தேதி காலியாக உள்ளவர்களுக்கெல்லாம் டிசம்பர் 30 பிறந்தநாள் ஆகிவிடும். கூகுள் ஷீட்ஸில் சுழியம் என்ற எண் 1899 டிசம்பர் 30-ஐக் குறிப்பதே காரணம். 02-29 சாதாரண ஆண்டில் பொருந்தவே பொருந்தாது. அன்று பிறந்தவரிடமே கேட்டு 02-28 அல்லது 03-01 என்று மாற்றுங்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்து ஒருவர் கையால் வாழ்த்துப் போட வேண்டும். அவர் மறந்தால் வாழ்த்தும் இல்லை.

ஷீட்டோடு இணைத்து எழுதும் சிறு நிரலான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் அந்தக் குறை கிடையாது. தினமும் காலை 8 முதல் 9 என்று டிரிக்கர் வைத்தால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஓடி, அன்றைய ஷீட்டைப் படித்து மின்னஞ்சல் அனுப்பும். இரண்டு இடத்தில் சறுக்கும். Utilities.formatDate-இல் "mm" என்றால் நிமிடம், மாதத்துக்கு "MM" எழுத வேண்டும்; ஃபார்முலாவிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டினால் வாழ்த்து பெரும்பாலும் போகாது, பிழைச் செய்தியும் வராது. அடுத்தது நேர மண்டலம்: ஸ்கிரிப்ட்டுக்கும் ஷீட்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு, வேறுபட்டால் வாழ்த்து ஒரு நாள் தள்ளிப் போகலாம்.

பிறந்தநாளுக்கு ஸ்கிரிப்ட்டையே பரிந்துரைப்போம். திருமண நாளை அதனிடம் விடவேண்டாம். துணையை இழந்தவர், பிரிந்தவர் என்பதெல்லாம் ஷீட்டுக்குத் தெரியாது. கையால் அனுப்புபவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. திருமண நாளுக்குத் தனி சம்மத செக்பாக்ஸ் வையுங்கள். இருவர் பெயரும் வாழ்த்தில் வருமானால் இருவரும் சம்மதித்திருக்க வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு சோதனை: போலி வரிசை ஒன்றில் இன்றைய தேதியைப் போட்டு, டிக் இல்லாமல் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். எதுவும் போகக்கூடாது. டிரிக்கர் அதை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஓடுகிறது. அவர் பொறுப்பிலிருந்து விலகும்போது அதை அழிக்கச் சொல்லி, புதியவர் தன் கணக்கில் உருவாக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஒரே வாழ்த்து இரண்டு முறை போகும்.