சொரியாசிஸ் மதிப்பெண் தாள்: காரைக்குடி கிளினிக்கில் பயன்படுத்திப் பார்த்ததில்

எங்கள் தோல் கிளினிக்கில் டாக்டர் எழுதும் குறிப்பை, சொரியாசிஸ் எவ்வளவு தீவிரம் என்று காட்டும் பாசி (PASI) மதிப்பெண்ணாக மாற்றுவது என் வேலை. அதற்கு ஒரு எக்செல் தாளை ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். தலை, கைகள், உடற்பகுதி, கால்கள் என நான்கு வரிசை. ஒவ்வொன்றிலும் பரப்புக்கு 0 முதல் 6 வரை; சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை.

கணக்கு சுலபம். குறிப்பில் உள்ள பரப்பைத் தாளுக்குக் கொண்டுவருவதில்தான் சிக்கல். டாக்டர் உள்ளங்கைக் கணக்கில் எழுதுவார். நோயாளியின் ஒரு உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, முழு உடம்பில் சுமார் 1%. ஆனால் தாள் கேட்பது அந்தப் பகுதிக்குள் எத்தனை சதவீதம் என்பதை. அதனால் ஒரு உள்ளங்கை தலையில் 10%, கைகளில் 5%, உடற்பகுதியில் 3.3%, கால்களில் 2.5%. 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் மதிப்பு 1, 10 முதல் 29 வரை 2.

ஒரு குறிப்பைப் பார்ப்போம். தலையில் 2 உள்ளங்கை, கைகளில் 3, முதுகில் 4, கால்களில் 10. பகுதிவாரியாக இவை 20%, 15%, 13%, 25%. நான்குக்குமே பரப்பு மதிப்பு 2. சிவப்பு, தடிப்பு, செதில் கூட்டுத்தொகை முறையே 7, 7, 5, 8. தலைக்கு 0.1, கைகளுக்கு 0.2, உடற்பகுதிக்கு 0.3, கால்களுக்கு 0.4 என்று பெருக்கினால் 1.4 + 2.8 + 3.0 + 6.4 = 13.6. முழு உடம்புச் சதவீதத்தை அப்படியே போட்டால் முதல் மூன்று பகுதிக்கும் பரப்பு 1 ஆகி, மொத்தம் 10.0 தான் வரும். 10-ஐத் தாண்டினால் தீவிரம் என்று பார்க்கும் இடத்தில் இது சின்ன வித்தியாசமில்லை.

அடுத்து, காலி கட்டம். செதிலைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால் எக்செல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வரிசையிலும் இப்படி வைத்திருக்கிறேன்; B-யில் பரப்பு, C, D, E-யில் சிவப்பு, தடிப்பு, செதில், F-இல் அந்தப் பகுதிக்கான 0.1 முதல் 0.4 வரையிலான எண்:

```
=IF(COUNT(B2:E2)<4,"?",F2*B2*(C2+D2+E2))
```

கேள்விக்குறி வந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மொத்தம் போடுவேன்.

செதில் எண்ணை அப்படியே நம்பவும் முடியாது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் ஆச்சிமாருக்குச் செதில் அடங்கியே இருக்கும். "ஆச்சி, இன்னைக்கு எண்ணெய் தேச்சீகளா?" என்று கேட்டு ஓரத்தில் குறித்துவைக்கிறேன். சிவப்பும் அப்படித்தான். நம் நிறத்தில் அது ஊதா, பழுப்பாகத் தெரிவதால் குறைவாக விழுந்துவிடும். படை ஆறிய பின் தங்கும் கறுப்புத் தழும்பைச் சிவப்பாக எண்ணுவது அதற்கு நேர் எதிரான தவறு.

இந்தத் தாளால் முடியாத ஒன்றும் உண்டு. இரண்டு உள்ளங்கையும் முழுக்க வெடித்து, சாவிகூடத் திருப்ப முடியாதவருக்கு மூன்றிலும் 4 போட்டாலும் 0.2 × 2 × 12 = 4.8 தான் வரும். உள்ளங்கை, பாதம், நகம் மூன்றுக்கும் தனிப் பத்தி சேர்த்திருக்கிறோம்; அதை மொத்தத்தோடு கூட்டுவதில்லை.