டிராக்கிங் எர்ரரா, ஆக்டிவ் ஷேரா: நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டை எதைக் கொண்டு அளப்பது?

ஒரே நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் இரண்டு வடிவங்களை, முகவர் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானையும் கமிஷன் சேர்ந்த ரெகுலர் பிளானையும், அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே பங்குக் கூடை, அதனால் இண்டெக்ஸிலிருந்து அந்தக் கூடை எவ்வளவு விலகுகிறது என்று சொல்லும் ஆக்டிவ் ஷேர் ஒன்றுதான். இண்டெக்ஸை ஃபண்ட் எவ்வளவு சீராகப் பின்தொடர்கிறது என்று சொல்லும் டிராக்கிங் எர்ரரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். ஆனால் முதலீட்டாளர் கைக்கு வரும் பணம் வேறு. இண்டெக்ஸ் ஆண்டுக்கு 12% வளர்கிறது, டைரக்ட் பிளான் 0.2%, ரெகுலர் பிளான் 0.8% பின்தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய் 10 ஆண்டுகளில் ஒன்றில் சுமார் 30.5 லட்சமாகவும் மற்றதில் 28.9 லட்சமாகவும் ஆகும். இந்த 1.6 லட்சம் இரண்டு அளவுகோல்களிலும் தெரிவதில்லை. ஏன் என்று புரிந்துகொண்டால், ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாது என்பது தெளிவாகும்.

டிராக்கிங் எர்ரர் என்பது ஃபண்டின் தினசரி வருமானத்துக்கும் இண்டெக்ஸின் தினசரி வருமானத்துக்கும் உள்ள வித்தியாசம் நாளுக்கு நாள் எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு. அந்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை எடுத்து ஆண்டுக் கணக்காக மாற்றுவார்கள். திட்ட விலக்கம் சராசரியைக் கழித்துவிட்டுச் சிதறலை மட்டும் பார்க்கும். நிர்வாகச் செலவோ தினமும் ஒரே சீராகக் கழிகிறது. அது சராசரியில் போய்ச் சேருகிறது, சிதறலில் வருவதில்லை. அதனால்தான் ரெகுலர் பிளானின் கூடுதல் கட்டணம் இதில் மறைந்துபோகிறது.

ஆக்டிவ் ஷேர் வருமானத்தையே தொடாது. ஃபண்டில் ஒவ்வொரு பங்கின் எடையிலிருந்தும் இண்டெக்ஸில் அதன் எடையைக் கழித்து, குறியைப் பார்க்காமல் கூட்டி, பாதியாக்கினால் கிடைப்பது அது. மார்ட்டின் கிரெமர்ஸ், அன்டி பெட்டாஜிஸ்டோ இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இதை முன்வைத்தார்கள். ஆக்டிவ் ஃபண்ட் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு இண்டெக்ஸையே நகலெடுப்பவர்களை இனம்காண இது நன்றாக உதவும். இண்டெக்ஸ் ஃபண்டில் நாம் எதிர்பார்ப்பது நேர்மாறானது: பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும்.

எக்செல்லில் இரண்டுமே ஒற்றை வரிதான். `D` நெடுவரிசையில் 250 நாட்களின் வருமான வித்தியாசம். `B`, `C`-யில் 50 பங்குகளும் ரொக்கமும் சேர்ந்த 51 வரிகளின் எடைகள்:

```
=STDEV.S(D2:D251)*SQRT(250)
=SUMPRODUCT(ABS(B2:B52-C2:C52))/2
```

ஒரே ஆக்டிவ் ஷேர் மூன்று வேறு டிராக்கிங் எர்ரர்களைத் தரும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். இண்டெக்ஸின் ஆண்டு ஏற்ற இறக்கம் 14%, இரண்டு வங்கிப் பங்குகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கம் 18%, ஒரு சிறிய பங்குக்கும் இண்டெக்ஸுக்கும் இடையே 30% என்று கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்த எண்கள்.

| ஃபண்டில் உள்ள விலகல் | ஆக்டிவ் ஷேர் | டிராக்கிங் எர்ரர் |
|---|---|---|
| ஆண்டு முழுக்க 1% ரொக்கம் | 1% | 0.14% |
| ஒரு வங்கியில் 1% குறைவு, இன்னொரு வங்கியில் 1% அதிகம் | 1% | 0.18% |
| 1% எடையுள்ள பங்கு இல்லை, அந்தப் பணம் மற்றவற்றில் பிரிந்திருக்கிறது | 1% | 0.30% |

விலகலின் அளவை ஆக்டிவ் ஷேர் சொல்கிறது. அந்த விலகல் எவ்வளவு ஆடும் என்பதை டிராக்கிங் எர்ரர் சொல்கிறது.

இன்னொரு முக்கியமான வேறுபாடு காலம். ஆக்டிவ் ஷேர் மாதக் கடைசி நாளில் எடுத்த புகைப்படம். டிராக்கிங் எர்ரருக்கோ ஓராண்டு நினைவாற்றல் உண்டு. 100 கோடி ரூபாய் ஃபண்டுக்குப் பெரிய முதலீடு ஒன்று வந்து, அதை உடனே பங்காக மாற்ற முடியாமல் ஒரே ஒரு நாள் 5% ரொக்கம் தங்கிவிடுகிறது. அன்று நிஃப்டி 2% ஏறினால் ஃபண்ட் 0.1% பின்தங்கும். மீதி 249 நாளும் துல்லியமாக நடந்தாலும், ஆண்டு டிராக்கிங் எர்ரர் சுமார் 0.1% என்றே காட்டும். மாதக் கடைசிப் பட்டியலில் எல்லாம் சரியாக இருப்பதால் ஆக்டிவ் ஷேருக்கு அந்த நாள் நடந்ததே தெரியாது. ஓராண்டு கழித்து அந்த நாள் கணக்கிலிருந்து விழுந்ததும் டிராக்கிங் எர்ரர் சட்டென்று குறையும். அதை மேலாளர் திருந்தியதாக எண்ணிவிடக் கூடாது. தினசரி வித்தியாசங்களை வரைபடமாகப் போட்டால் ஒற்றை முள்ளாக நிற்பது கண்ணுக்கே தெரியும்.

2023-இல் ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் பிரிக்கப்பட்டபோது இது பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. ஜூலை 20 அன்று 261.85 ரூபாய் விலையில் அது நிஃப்டியில் 51-ஆவது பங்காக நின்றது. ஆகஸ்ட் 21 அன்று பட்டியலிடப்பட்டதும் அடுத்தடுத்து 5% கீழ்வரம்பைத் தொட்டதால், இண்டெக்ஸிலிருந்து அதை நீக்குவது தள்ளிவைக்கப்பட்டது. அதன் எடை சுமார் 1%. நீக்கத்துக்குக் காத்திராமல் முன்கூட்டியே விற்ற ஃபண்டுக்கு ஆக்டிவ் ஷேர் 1% ஏறும். பங்கு 5% விழும் ஒவ்வொரு நாளும் 0.05% முந்தும். லாபம்தானே என்று தோன்றலாம். ஆனால் பங்கு ஏறியிருந்தால் அதே முடிவு அதே அளவு நஷ்டம் தந்திருக்கும். இண்டெக்ஸ் ஃபண்ட் மேலாளர் எடுக்கக் கூடாத பந்தயம் அது.

கணக்கிடும்போது தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது, சாதாரண நிஃப்டியோடு ஒப்பிடுவது. அதில் டிவிடெண்ட் சேராததால் ஃபண்ட் இண்டெக்ஸையே வென்றதுபோல் தெரியும், டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிடும் டி.ஆர்.ஐ. வடிவத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, தேதி. இண்டெக்ஸ் மார்ச்சிலும் செப்டம்பரிலும் மாற்றியமைக்கப்படும் வேளையில், இரண்டு பட்டியல்களும் ஒரு நாள் வேறுபட்டாலும் வெளியேறிய பங்கின் எடை அப்படியே போலி ஆக்டிவ் ஷேராக வந்து நிற்கும். மூன்றாவது, ஃபியூச்சர்ஸ். 97% பங்கு, 3% ரொக்கம் என்று பட்டியல் காட்டும். அதே கோப்பின் கீழே டெரிவேட்டிவ் பகுதியில் 3% நிஃப்டி ஃபியூச்சர்ஸ் இருக்கும். அதை ரொக்க வரியிலிருந்து கழித்து, 50 பங்குகளுக்கும் எடைப்படி பிரித்துச் சேர்த்தால் ஆக்டிவ் ஷேர் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். டிராக்கிங் எர்ரர் மிகக் குறைவாக இருந்தும் ஆக்டிவ் ஷேர் 3% என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

ஈக்விட்டி இண்டெக்ஸ் ஃபண்டின் டிராக்கிங் எர்ரர் ஓராண்டுக் கணக்கில் 2%-ஐத் தாண்டக் கூடாது என்பது 2022 மே மாதம் செபி வகுத்த விதி. நிஃப்டி 50-க்கு இது மிகவும் தாராளமான எல்லை; அதைத் தாண்டாததை வைத்து ஒரு ஃபண்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதே சுற்றறிக்கை, டிராக்கிங் எர்ரரைத் தினமும், டிராக்கிங் டிஃபரன்ஸை மாதந்தோறும் வெளியிடச் சொல்கிறது. பின்னது ஃபண்டின் ஆண்டு வருமானத்திலிருந்து இண்டெக்ஸின் வருமானத்தைக் கழித்த எளிய எண். மேலே மறைந்துபோன 1.6 லட்சம் தெரிவது இதில்தான்.

ஆகவே நிஃப்டி 50 ஃபண்டுக்கு முதலில் உங்கள் பிளானின் டிராக்கிங் டிஃபரன்ஸ், அதில் இரண்டு ஃபண்டுகள் நெருங்கி நின்றால் டிராக்கிங் எர்ரர். இதற்கு ஆக்டிவ் ஷேர் தேர்வுக் கருவி அல்ல; டிராக்கிங் எர்ரர் உயர்ந்தால் காரணம் பங்குக் கூடையிலா, பண வரத்திலா என்று தேட உதவும். நிஃப்டி ஸ்மால்கேப் 250-இல் நிலைமை வேறு. அங்கே கடைசி வரிசைப் பங்குகளை வாங்குவதே சிரமம், சில மேலாளர்கள் அவற்றை விட்டுவிட நேரும். எவ்வளவு எடை விடுபட்டிருக்கிறது என்பதை ஆக்டிவ் ஷேர் அந்த மாதமே காட்டிவிடும். சந்தை அமைதியாக இருந்தால் டிராக்கிங் எர்ரர் அதைப் பல மாதங்களுக்குக் காட்டாமல் போகலாம்.